காய்ச்சல் மருந்தில் தொடங்கும் தவறு: கல்லீரல் நோயுள்ள குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு?

பிறந்த சில வாரங்களிலேயே பித்தநாளம் அடைபட்டுப்போகும் நோய் ஒன்று உண்டு. பிலியரி அட்ரீசியா என்பார்கள். கல்லீரலில் ஊறும் பித்தம் குடலுக்குப் போக வழியில்லாமல் தேங்கும். குடலின் ஒரு பகுதியை எடுத்துக் கல்லீரலின் வாயிலில் தைத்து, பித்தத்துக்குப் புது வழி செய்வதுதான் கசாய் அறுவை. அது முழுதாகப் பலன் தராத குழந்தைகளுக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே கல்லீரல் இறுகி, மண்ணீரல் பெருத்து, வயிற்றில் நீர் கோத்துவிடும். அப்படிப்பட்ட 3 வயதுச் சிறுமி ஒருத்தியை இந்தக் கட்டுரை நெடுகக் கூடவே வைத்துக்கொள்வோம். பல குழந்தைகளிடம் காண்பதைச் சேர்த்து வரைந்த உருவம் அவள். எடைக்கருவியில் 12 கிலோ, உயரம் 86 செ.மீ., ரத்தத்தில் அல்புமின் 2.0, ஐ.என்.ஆர். 1.9, தட்டணுக்கள் 70,000, கிரியேட்டினின் 0.3. அவளுக்குக் காய்ச்சல் வருகிறது.

வீட்டில் பாரசிட்டமால் இருக்கிறது. “பாரசிட்டமால் ஈரலைக் கெடுக்குமாமே, இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்” என்று யாரோ சொல்கிறார்கள். சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், மருந்துக்கடைக்காரராக இருக்கலாம், சில நேரம் மருத்துவராகவே இருக்கலாம். அதற்குப் பதிலாக மெஃபனமிக் அமிலமோ இபுபுரூஃபனோ உள்ள சிரப் கைக்கு வருகிறது. காய்ச்சல் இறங்குகிறது. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறைகிறது, வயிறு முன்னிலும் உப்புகிறது. பாதுகாப்பானதை ஒதுக்கி ஆபத்தானதைக் கொடுத்தாயிற்று.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்தத் துறையின் மையக் குழப்பம் புரியும். கல்லீரலைக் கெடுக்கக்கூடிய மருந்துகளின் பட்டியல் வேறு. ஏற்கெனவே கெட்ட கல்லீரலோடு வாழும் குழந்தைக்குக் கேடு செய்யும் மருந்துகளின் பட்டியல் வேறு. இரண்டும் சில இடங்களில்தான் ஒட்டும். இரண்டாவது பட்டியலில் முன்னால் நிற்பவை பெரும்பாலும் கல்லீரலைத் தொடுவதே இல்லை. சிறுநீரகத்தையும், மூளையையும், உறையாத ரத்தத்தையும்தான் தாக்குகின்றன. மருந்தின் அளவைக் குறைப்பதா கூட்டுவதா என்ற கேள்விக்கு முன், இந்தக் குழந்தையின் உடலில் எது தளர்ந்திருக்கிறது என்ற கேள்வி வர வேண்டும்.

கல்லீரலுக்கு ஓர் எண் இல்லை

சிறுநீரகம் பழுதான குழந்தைக்கு மருந்தளவைத் திருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. உயரத்தையும் கிரியேட்டினினையும் வைத்து வடிகட்டும் திறனைக் கணக்கிடலாம். அந்த எண்ணுக்கு ஏற்ப எந்த மருந்தை எத்தனை மணிக்கு ஒருமுறை தரலாம் என்று அட்டவணை இருக்கிறது. கல்லீரலுக்கு அப்படிப்பட்ட எண் இல்லை. மருந்துகளைச் சிதைக்கும் நொதிகள் எத்தனையோ. ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் தளர்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பரிசோதனை காட்டிவிடாது.

பெற்றோர் முதலில் பார்ப்பது எஸ்.ஜி.பி.டி. எண்ணைத்தான். அது கல்லீரல் அணுக்கள் உடைவதைக் காட்டும். மிச்சமிருப்பவை எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைக் காட்டாது. மஞ்சள் காமாலை வந்த ஆரோக்கியமான சிறுவனுக்கு அது 2,000 இருக்கலாம், ஆனால் அவன் கல்லீரல் மருந்துகளை நன்றாகவே கையாளும். நம் சிறுமிக்கு 90 இருக்கலாம், ஆனால் அவள் கல்லீரல் தள்ளாடிக்கொண்டிருக்கும். கடுமையான கல்லீரல் செயலிழப்பில் அந்த எண் மளமளவென்று இறங்க, ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போனால், அது குணமாவதன் அறிகுறி இல்லை. உடைவதற்கு அணுக்களே மிச்சமில்லை என்பதன் அறிகுறி.

ஆகவே மருந்தளவுக்காகப் பார்க்க வேண்டியவை அல்புமின், ஐ.என்.ஆர்., பிலிருபின், வயிற்றில் நீர் இருக்கிறதா, குழந்தையின் தூக்கமும் தெளிவும் எப்படி ஆகியவைதாம். பெரியவர்களுக்கான சைல்டு–பியூ மதிப்பெண் இவற்றைக் கூட்டித்தான் போடப்படுகிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளில் வரும் ‘மிதமான பாதிப்பு’, ‘கடும் பாதிப்பு’ என்பவையும் அதை வைத்துத்தான். அது குழந்தைகளுக்காக உருவானதல்ல. வேறு வழியில்லாததால் பயன்படுத்துகிறோம். குழந்தைகளுக்கான பெல்டு மதிப்பெண்ணும் மாற்றுக் கல்லீரலுக்கான வரிசையை முடிவுசெய்யப் பிறந்ததுதான், மருந்தளவுக்காக அல்ல.

ஐ.என்.ஆர். விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உறிஞ்சப்படுவதில்லை. வைட்டமின் கே இல்லாமல் ரத்தம் உறையாது. அதனால் ஐ.என்.ஆர். 1.9 என்பது கல்லீரல் தளர்ந்ததாலும் இருக்கலாம், வைட்டமின் இல்லாததாலும் இருக்கலாம். வைட்டமின் கே-யை ஊசியில் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்த்தால் தெரிந்துவிடும். நம் சிறுமிக்கு 1.9 இறங்கி 1.4-ல் நின்றது என்று கொள்வோம். பாதி வைட்டமின் குறை, மீதி கல்லீரலின் குறை. இந்தச் சோதனை செய்யாமல் 1.9-ஐ அப்படியே எடுத்துக்கொண்டால் அவள் கல்லீரலை இருப்பதைவிட மோசமாக மதிப்பிட்டு, தேவையான மருந்தையும் மறுத்துவிடுவோம்.

எடையும் கிரியேட்டினினும் சொல்லும் பொய்

குழந்தை மருத்துவத்தில் எல்லா மருந்தும் எடையைப் பொறுத்தது. கருவி 12 கிலோ காட்டுகிறது. ஆனால் அவள் வயிற்றிலுள்ள நீர் ஒன்றரை லிட்டர் இருக்கும். அதைக் கழித்தால் உண்மையான எடை 10.5 கிலோ. நீர் கோப்பதற்கு முந்தைய மாதங்களின் எடைக் குறிப்பு, கையின் சுற்றளவு, நீர் இறக்கிய பின் எடுத்த எடை ஆகியவற்றைக் கொண்டு இதை மதிப்பிடலாம். ஒன்றரைக் கிலோ அற்பமாகத் தோன்றும். 12 கிலோவுக்குக் கணக்கிட்டால் ஒவ்வொரு மருந்தும் அவளுக்கு ஏழில் ஒரு பங்கு கூடுதலாகப் போகும். காசநோய் மாத்திரையில் இந்த வித்தியாசம் என்ன செய்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கிரியேட்டினின் இன்னும் ஏமாற்றும். 86 செ.மீ. உயரத்துக்கு 0.3 என்று சூத்திரத்தில் போட்டால் 118 வருகிறது. சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்கிறது என்று தோன்றும். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. இந்தச் சிறுமியின் கைகால்கள் குச்சியாக இருக்கின்றன. தசையே இல்லாத உடலில் கிரியேட்டினின் எப்படி ஏறும்? போதாததற்கு, பிலிருபின் மிகுந்த ரத்தத்தில் சில ஆய்வுமுறைகள் அதை இன்னும் குறைத்தே காட்டும். ஆகவே எண்ணின் மதிப்பைவிட அதன் போக்கு முக்கியம்: 0.3 இருந்தது 0.5 ஆனால், ஆய்வறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சாகியிருந்தாலும், அவள் சிறுநீரகம் தன் திறனில் கணிசமான பங்கை இழந்துவிட்டது என்று பொருள். ஜென்டமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகளை இவர்களுக்கு முடிந்தவரை தவிர்ப்பதற்கு இதுதான் காரணம். அவை சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. கெட்டதும் நமக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது.

உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி

வாயால் கொடுக்கும் மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, உடம்பெங்கும் போவதற்கு முன் கல்லீரலைக் கடக்கிறது. சில மருந்துகளில் பெரும்பகுதியைக் கல்லீரல் அந்த முதல் கடப்பிலேயே பிடித்துச் சிதைத்துவிடும். சுங்கச்சாவடி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொப்ரனலால் இதற்கு நல்ல உதாரணம்: ஆரோக்கியமான உடலில் விழுங்கியதில் கால்பங்கு அளவுதான் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. கல்லீரல் இறுகி, ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவழிகளில் ஓடத் தொடங்கினால், சாவடியைத் தொடாமலே மருந்து உள்ளே வந்துவிடும். அப்போது வழக்கமான வாய்வழி அளவு பல மடங்காக வேலை செய்யும். மிடசோலத்தை வாயால் கொடுக்கும்போதும் இதுவே நடக்கிறது. கல்லீரல் இறுகிய பெரியவர்களிடம் ரத்தத்துக்கு வந்து சேரும் பங்கு ஏறக்குறைய இரட்டித்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இத்தகைய மருந்துகளை வாயால் தொடங்கும்போது முதல் வேளை அளவையே குறைக்க வேண்டும்.

வேறு வகை மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகத்தான் சிதைக்கும்: டயஸெபம், ஃபெனிடாயின் போன்றவை. இவற்றின் முதல் வேளை அளவைப் பொதுவாக மாற்ற வேண்டியதில்லை. ரத்தத்தில் தேவையான அளவை எட்டுவதற்கு அது வேண்டும். குறைக்க வேண்டியது அடுத்தடுத்த வேளைகளை. அல்லது வேளைகளுக்கு இடையிலான நேரத்தைக் கூட்ட வேண்டும். ‘கல்லீரல் நோயாளி, எல்லாவற்றிலும் பாதி கொடு’ என்ற வழக்கம் இங்கே தவறாகிறது. வலிப்பு வந்த குழந்தைக்கு முதல் ஊசியைப் பாதியாகக் கொடுத்தால் வலிப்பு நிற்காது. பிறகு வழக்கமான வேளைகளைத் தொடர்ந்தால் மூன்றாம் நாள் குழந்தை எழுந்திருக்காது.

சிதைக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. மருந்தை ஆக்சிஜனேற்றம் செய்யும் நொதிகள் கல்லீரல் நோயில் சீக்கிரம் தளர்கின்றன. குளுகுரோனைடோடு பிணைத்து வெளியேற்றும் வேலை வெகுநாள் தாக்குப்பிடிக்கிறது. டயஸெபம் முதல் வழியில் போகிறது. போகிற வழியில் தானும் தூங்கவைக்கும் இன்னொரு பொருளாக மாறி நாட்கணக்கில் தங்குகிறது. லோரஸெபம் இரண்டாம் வழியில் நேராக வெளியேறுகிறது. ஒரே குடும்பத்து மருந்துகள்தாம். இந்தச் சிறுமிக்கு இரண்டாவதுதான் பொருத்தம்.

காய்ச்சலுக்கு என்ன கொடுப்பது

பாரசிட்டமால்தான். ஏன் என்பதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் அச்சம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பாரசிட்டமாலின் பெரும்பகுதி சல்பேட்டோடோ குளுகுரோனைடோடோ பிணைந்து தீங்கின்றி வெளியேறுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் ஆக்சிஜனேற்றமாகி நச்சுப்பொருளாகிறது. அந்த நச்சை அடக்கும் பொருள் குளூட்டத்தயோன், கல்லீரலிலேயே இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தால், இறுகிய கல்லீரலிலும் இந்த இருப்பு போதுமானது. அளவு மீறினாலோ, குழந்தை நாள்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலோதான் இருப்பு தீர்ந்துபோகும். ஆக, அச்சப்பட வேண்டியது மருந்தைப் பார்த்து அல்ல; அளவையும் பட்டினியையும் பார்த்துத்தான்.

கணக்கு இது. ஆரோக்கியமான குழந்தைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. தரலாம். கல்லீரல் தளர்ந்து, மெலிந்திருக்கும் இந்தச் சிறுமிக்கு நான் 10-லேயே நிற்பேன். 6 மணிக்கு ஒருமுறைக்குக் குறையாத இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் இல்லை, காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே அழைத்துவர வேண்டும். கசாய் அறுவை செய்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே பித்தநாளத் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மஞ்சள் கூடினாலோ மலம் வெளுத்தாலோ சிறிதும் காத்திருக்கக் கூடாது. உண்மையான எடை 10.5 கிலோ என்பதால் ஒரு வேளைக்கு 105 மி.கி.

இனிப் புட்டியைக் கையில் எடுங்கள். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கும். சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 இருக்கும். இன்னொரு சிரப்பில் அதே 5 மி.லி.க்கு 250. நிறமும் வாசனையும் பெயரும் கிட்டத்தட்ட ஒன்றே. நம் சிறுமிக்குச் சொட்டு மருந்தானால் 1 மி.லி., 120 சிரப்பானால் ஏறக்குறைய 4.4 மி.லி., 250 சிரப்பானால் 2.1 மி.லி. ‘5 மி.லி. கொடுங்க’ என்று பழைய சிரப்புக்குச் சொன்னதை நினைவில் வைத்துப் பாட்டி சொட்டு மருந்தில் 5 மி.லி. அளந்தால், ஒரே வேளையில் 500 மி.கி.; கிலோவுக்கு 48 மி.கி. அப்படி நாளுக்கு 4 வேளை என்றால் கிலோவுக்கு 190 மி.கி. ஒரே தடவையில் புட்டியைக் குடித்துவிட்டதால் வரும் கேட்டைவிட, இப்படி 2, 3 நாள் அறியாமல் கூடுதலாகக் கொடுத்ததால் வரும் கேடு தாமதமாகவே கண்ணில் படும். காய்ச்சல் குழந்தை சோர்ந்து வாந்தியெடுப்பது இயல்புதானே என்று விட்டுவிடுவார்கள். ஆகவே மருந்துச் சீட்டில் மி.லி. மட்டும் எழுதினால் போதாது, எத்தனை மி.கி., எந்த அடர்த்தி என்று இரண்டையும் எழுத வேண்டும். மூடியில் அளக்காமல், ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கச் சொல்ல வேண்டும். சளி மருந்துப் புட்டியிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும் என்பதைத் தாயிடம் புட்டியைக் காட்டியே சொல்ல வேண்டும்.

இப்போது இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம். கல்லீரல் இறுகிய உடலில் ரத்தநாளங்கள் தளர்ந்து விரிந்திருக்கும். சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் கிடைப்பதில்லை. புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து தன் நாளங்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சிறுநீரகம் சமாளிக்கிறது. இந்த மருந்துகள் செய்யும் வேலையே புரோஸ்டகிளாண்டினை நிறுத்துவதுதான். காய்ச்சல் தணியும், கூடவே சிறுநீரகத்தின் கடைசிப் பிடியும் நழுவும். வயிற்று நீரைக் குறைக்கக் கொடுத்திருக்கும் ஸ்பைரனோலாக்டோனும் வேலை செய்யாமல் போகும். மூன்றாவது கேடு ரத்தக்கசிவு: 70,000 தட்டணுக்களோடு, உணவுக்குழாயில் புடைத்த நாளங்களோடு இருக்கும் குழந்தைக்கு, மிச்சமுள்ள தட்டணுக்களையும் இவை செயலிழக்க வைக்கின்றன. பாரசிட்டமாலோடு மெஃபனமிக் அமிலமோ இபுபுரூஃபனோ சேர்ந்த கூட்டு சிரப்புகள் நம்மூர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பாரசிட்டமால் என்று கேட்டு வாங்கிவந்ததாகவே பெற்றோர் சொல்வார்கள். புட்டியின் பின்புறம் உள்ள சிறு எழுத்தைப் படிக்காமல் உறுதிசெய்ய முடியாது.

நிமசுலைடைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை வந்துவிட்டது. ஆஸ்பிரினைக் காய்ச்சலுக்காக எந்தக் குழந்தைக்கும் கொடுப்பதில்லை. ஃப்ளூ, அம்மை போன்ற வைரஸ் காய்ச்சலின்போது கொடுத்தால் மூளையும் கல்லீரலும் சேர்ந்து பாதிக்கும் ரை நோய் வரலாம். மாற்றுக் கல்லீரலின் தமனி அடைபடாமலிருக்கச் சிறு அளவில் கொடுப்பது தனி. அதை மருத்துவமனை சொல்லாமல் நிறுத்தவும் கூடாது.

தூங்க வைப்பவை

கல்லீரல் வடிகட்டத் தவறிய அம்மோனியா மூளையை மந்தமாக்குகிறது. குழந்தைகளிடம் இது நுட்பமாகத் தொடங்கும்: பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, காரணமில்லாத சிணுங்கல், எழுதிக்கொண்டிருந்த கை கோணுவது. இந்த நிலையில் இருக்கும் மூளைக்கு மயக்கும் மருந்து எதுவும் வழக்கத்தைவிடப் பலமாகத் தாக்கும். மருந்தின் ரத்த அளவு சரியாக இருந்தாலும் இது நடக்கும். ஆகவே அளவைத் திருத்துவதால் மட்டும் காப்பாற்ற முடியாது.

மருத்துவமனையில் டயஸெபம், மார்ஃபின் கொடுக்கும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கவனம் தப்புவது சளி மருந்தில்தான். குளோர்ஃபெனிரமின் கலந்த சளி மருந்து, டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் கலந்த இருமல் சிரப், அரிப்புக்குக் கொடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்து, பயணத்தில் வாந்திக்குக் கொடுக்கும் புரோமெத்தசின் எல்லாமே தூங்க வைப்பவை. குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை 4 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் தரக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் அறிவித்தது. நம் சிறுமிக்கு அது இரு வகையிலும் விலக்கு. இதைக் கொடுத்துவிட்டு ‘பிள்ளை நல்லாத் தூங்குது’ என்று மகிழும்போது, அது மருந்துத் தூக்கமா, மூளை மந்தமாகும் தொடக்கமா என்று யாராலும் சொல்ல முடியாமல் போகிறது. சளிக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு போதும்.

பித்தம் தேங்கிய குழந்தையின் அரிப்பு வேறு விஷயம். அது ஒவ்வாமையால் வருவதல்ல, ஆகவே ஒவ்வாமை மருந்து அதைத் தணிப்பது தூக்கத்தால்தான். அதற்கு அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம், கொலஸ்டிரமின், ரிஃபாம்பிசின் என்று வேறு வழிகள் உண்டு. கொலஸ்டிரமின் குடலில் பித்த உப்பைப் பிடிப்பது போலவே கூடவே விழுங்கிய மற்ற மருந்துகளையும் வைட்டமின்களையும் பிடித்துக்கொள்ளும். அவற்றை அதற்கு 1 மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோதான் தர வேண்டும். காலை மருந்துகளையெல்லாம் ஒரே கிண்ணத்தில் கரைத்துப் புகட்டும் வீடுகளில், மாதக்கணக்கில் கொடுத்த வைட்டமின் உடம்பில் சேராமலே போயிருக்கும்.

வலிப்புக்கு

அந்தக் காய்ச்சலில் சிறுமிக்கு வலிப்பும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. தளர்ந்த கல்லீரல் பட்டினியில் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்காது. பிறகு சோடியம், அம்மோனியா. ஓடிக்கொண்டிருக்கும் வலிப்பை நிறுத்த லோரஸெபத்தை வழக்கமான அளவில், கிலோவுக்கு 0.1 மி.கி., நரம்பில் கொடுக்கலாம். மூச்சைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். கல்லீரலைக் காட்டி இந்த முதல் ஊசியை மறுப்பது தவறு.

தொடர்ந்து கொடுக்கத் தேர்ந்தெடுக்க வேண்டியது லெவெடிராசெட்டம். அதில் மூன்றில் இரண்டு பங்கு மாறாமலே சிறுநீரில் போய்விடும்; ரத்தப் புரதத்தோடு பெரிதாக ஒட்டுவதில்லை; மற்ற மருந்துகளோடு மோதுவதும் குறைவு. சிறுநீரகம் தளர்ந்தால் மட்டும் அளவைக் குறைக்க வேண்டும். அந்தத் தளர்ச்சி 0.3 என்ற கிரியேட்டினினுக்குப் பின்னால் மறைந்திருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

வால்ப்ரோயேட் கூடாது. இது பொதுவான எச்சரிக்கை அல்ல, உயிர் போகும் விஷயம். 1987-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 2 வயதுக்குட்பட்டு, வேறு வலிப்பு மருந்துகளோடு இதையும் எடுத்த குழந்தைகளில் 500-க்கு ஒருவர் கல்லீரல் செயலிழந்து இறந்தது தெரிந்தது. காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடும், அடங்காத வலிப்பும், கல்லீரல் பாதிப்பும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தால் மைட்டோகாண்ட்ரியக் குறைபாடு இருக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். அத்தகைய குழந்தையிடம் இந்த மருந்து சில வாரங்களிலேயே கல்லீரலை அழித்துவிடும்.

ஃபெனிடாயின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் என்ன? ரத்த அளவு பார்த்தார்கள். 6 என்று வந்தது. இருக்க வேண்டியது 10 முதல் 20. மருந்து போதவில்லை என்று கூட்டத் தோன்றும். ஆனால் ஆய்வகம் அளந்தது மொத்த அளவு. இந்த மருந்தின் பத்தில் ஒன்பது பங்கு அல்புமினோடு ஒட்டிக்கொண்டு சும்மா இருக்கும். ஒட்டாமல் திரியும் ஒரு பங்குதான் மூளைக்குப் போய் வேலை செய்வது. அல்புமின் குறைந்தால் ஒட்டியது குறையும், மொத்தமும் குறையும்; திரிவது அப்படியே இருக்கும். வழக்கமான திருத்தக் கணக்கில் அல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டி, அதனால் அளந்த எண்ணை வகுப்பார்கள். அல்புமின் 2.0 என்றால் வகுக்கும் எண் 0.5, 6-ஐ வகுத்தால் 12. மருந்து போதுமானபடிதான் இருக்கிறது. கூட்டியிருந்தால் குழந்தை கண் ஆடி, நடை தள்ளாடி வந்திருக்கும். பிலிருபினும் ஃபெனிடாயினை அல்புமினிலிருந்து தள்ளிவிடும் என்பதால் மிகுந்த மஞ்சளில் இந்தக் கணக்கும் பிசகும். வசதி இருக்கும் இடத்தில் ஒட்டாத பங்கையே நேரடியாக அளப்பது நல்லது.

நோய்க்கிருமி மருந்துகளும் காசநோயும்

சாதாரணத் தொற்றுக்கு அமாக்ஸிசிலினும் பெரும்பாலான செஃபலோஸ்போரின்களும் ஒத்துவரும். செஃப்ட்ரையாக்ஸோன் பித்தப்பையில் கசடு சேர்க்கும். பச்சிளம் குழந்தையில் பிலிருபினை அல்புமினிலிருந்து பிரித்து மூளைக்கு அனுப்பும். மஞ்சளுள்ள சிசுவுக்குச் செஃபோடாக்ஸிம் போன்ற மாற்று வேண்டும். கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலின் பித்தத் தேக்கத்தை உண்டாக்கக்கூடியது; ஏற்கெனவே பித்தம் தேங்கிய குழந்தைக்கு அது வந்தால், நோய் முற்றியதா மருந்தின் வேலையா என்று பிரித்தறிவது கடினம். வேறு மருந்து இருக்கும்போது தவிர்க்கிறோம்.

காசநோய்தான் நம் நாட்டில் உண்மையான சோதனை. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. மூன்றையும் விட்டால் நோய் கொல்லும். கல்லீரல் நோயுள்ள குழந்தைக்கு இந்த ஒவ்வாத எதிர்வினை வரும் வாய்ப்பு மட்டும் கேள்வியில்லை. வந்தால் தாங்கும் இருப்பு அதனிடம் இல்லை என்பதுதான் பெருங்கவலை. அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்கான கூட்டு மாத்திரையில் 50 மி.கி. ஐசோநியாசிட், 75 ரிஃபாம்பிசின், 150 பைரசினமைடு இருக்கும். 8 முதல் 11 கிலோ வரை 2 மாத்திரை, 12 முதல் 15 வரை 3. கருவி காட்டிய 12 கிலோவை நம்பினால் நம் சிறுமிக்கு 3 மாத்திரை. அவளுடைய உண்மையான 10.5 கிலோவுக்குப் பைரசினமைடு மட்டும் கிலோவுக்கு 43 மி.கி. ஆகிவிடும். பரிந்துரையின் மேல் எல்லை 40. வயிற்று நீர் அவளை அடுத்த படிக்குத் தள்ளிவிட்டது.

ஆனால் இவளுக்குக் கூட்டு மாத்திரையே பொருந்தாது. முதலில் கைவிட வேண்டியது பைரசினமைடு. அதைக் கூட்டு மாத்திரையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. தனித்தனி மருந்துகளாகக் கேட்டு வாங்க வேண்டும். கல்லீரல் எவ்வளவு தாங்கும் என்பதைப் பொறுத்து ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டையுமோ ஒன்றை மட்டுமோ வைத்துக்கொண்டு எதாம்பியூட்டால், லெவோஃப்ளாக்சசின் சேர்ப்பார்கள், காலமும் நீளும். பின்னால் மாற்றுக் கல்லீரல் வைக்கப்பட்ட குழந்தையானால் ரிஃபாம்பிசின் டாக்ரோலிமஸின் ரத்த அளவைச் சரித்துவிடும், புதுக் கல்லீரலை உடல் நிராகரிக்கும் நிலை வரும்.

மருந்தை எப்போது நிறுத்துவது? அறிகுறி இருந்தால் எஸ்.ஜி.பி.டி. இயல்பைப் போல 3 மடங்கு, இல்லாவிட்டால் 5 மடங்கு என்பது வழக்கமான எல்லை. ஏற்கெனவே 2 மடங்கில் இருக்கும் குழந்தைக்கு அந்த எல்லை பொருந்தாது. ஆகவே முதல் மாத்திரைக்கு முன் எஸ்.ஜி.பி.டி., பிலிருபின், ஐ.என்.ஆர். மூன்றையும் எடுத்து எழுதி வைத்து, முதல் மாதம் வாராவாரம் அவளுடைய சொந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிலிருபினோ ஐ.என்.ஆரோ ஏறினால், எஸ்.ஜி.பி.டி. அசையாவிட்டாலும் நிறுத்த வேண்டும். எண்கள் இறங்கியபின் ரிஃபாம்பிசினை முதலில், சில நாள் கழித்து ஐசோநியாசிடை, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவார்கள். பைரசினமைடு திரும்ப வராது.

சீட்டில் எழுதாதவை

மருந்து என்று யாரும் நினைக்காத சிலவற்றையும் கேட்டறிய வேண்டும். பிறவியிலேயே ஃபிரக்டோஸைச் செரிக்க முடியாத குழந்தைகள் இருக்கிறார்கள். தேனோ சர்க்கரையோ பழமோ கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவர்கள் கல்லீரல் கெடத் தொடங்கும். அவர்களுக்குச் சிரப்பின் மருந்தைவிடச் சிரப்பின் இனிப்பே நஞ்சு. சர்க்கரை மட்டுமல்ல, ‘சர்க்கரை இல்லாதது’ என்று விற்கும் சிரப்பிலுள்ள சார்பிட்டாலும் உடலில் ஃபிரக்டோஸாகவே மாறும். மாத்திரையைப் பொடித்து வெந்நீரில் கரைத்துத் தருவதே வழி. அந்த மாத்திரையிலும் இனிப்புப் பூச்சு இருக்கக் கூடாது.

“வேறு மருந்து கொடுக்கிறீர்களா?” என்று கேட்டால் இல்லை என்பார்கள். “உரை மருந்து உரைச்சுக் கொடுக்கிறீங்களா, கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தீங்களா, ஈரல் டானிக் ஏதாவது?” என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் ஆமாம் வரும். கேட்கும் தொனியில் குற்றச்சாட்டு இருந்தால் அதுவும் வராது. கீழாநெல்லியைவிடப் பெரிய கேடு அதை நம்பிக் கழிந்த வாரங்கள். பிறந்து 2 வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் மாறாத, மலம் வெளுத்துப் போகும் சிசுவுக்கு நேரடிப் பிலிருபின் சோதனை உடனே வேண்டும். கசாய் அறுவை 60 நாளுக்குள் நடந்தால்தான் பித்தம் ஓடும் வாய்ப்பு அதிகம். சீந்தில் கொடிச் சாற்றையும் பொடியையும் தொடர்ந்து எடுத்தவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைக் கொரோனா காலத்தில் இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அவர்கள் பெரியவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்கள்தாம் அதிகம் அவதிப்பட்டார்கள். என்ன கலந்தது, எவ்வளவு என்று தெரியாத பொடிக்கு அளவைத் திருத்தவும் முடியாது, கேடு வந்தால் காரணத்தைப் பிரிக்கவும் முடியாது. ஆகவே அதை நிறுத்தச் சொல்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது நம் சிறுமியின் அட்டையில் இவை இருக்க வேண்டும்: நீர் கழித்த எடை 10.5 கிலோ, அது கணக்கிட்ட தேதி, பாரசிட்டமால் 105 மி.கி. என்பதும் வீட்டிலுள்ள புட்டியில் அது எத்தனை மி.லி. என்பதும், கடைசி ஐ.என்.ஆரும் அல்புமினும், இபுபுரூஃபன்–டைக்ளோஃபெனாக்–மெஃபனமிக்–நிமசுலைடு–ஆஸ்பிரின், தூங்க வைக்கும் சளி மருந்துகள், வால்ப்ரோயேட் ஆகியவை கூடாது என்ற வரியும். நள்ளிரவில் வேறு ஊரில் வேறு மருத்துவர் கையில் அந்த அட்டை கிடைத்தால், தொலைபேசியில் யாரையும் தேடாமல் அவர் முதல் வேளையைச் சரியாகக் கொடுக்க முடியும். எடை மாறும்போதெல்லாம் மி.லி.யை அடித்துத் திருத்தி எழுத வேண்டும்.